கோடைக்கு முன் ஏசி சேர்விஸ்: கழுவுமுன் அளப்பது முதல் காஸ் பற்றிய முடிவு வரை, முழு வழிகாட்டி

மாசி, பங்குனி மாதங்களில் யாழ்ப்பாண நகரிலும் சுற்றுப்புறங்களிலும் வீட்டு ஏசிகளுக்கு நாங்கள் செய்யும் சேர்விஸின் படிமுறை இது. எங்களிடம் வேலை பழக வரும் பெடியள்மாருக்காக எழுதிச் சுவரில் ஒட்டியிருந்ததை, வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்த்துக் கேள்வி கேட்கக்கூடியவாறு விரித்து எழுதியிருக்கிறேன். கீழே உள்ள வரிசையை மாற்றினால் அதே வேலைகளைச் செய்தும் தவறான முடிவுக்கு வருவோம் என்பதால், ஒவ்வொரு படிக்கும் அதன் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. இந்தச் சலுகையில் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது

சுவரில் பொருத்திய ஒரு ஏசிக்கு 4,500 ரூபாய். உட்பெட்டி, வெளிப்பெட்டி இரண்டையும் கழுவுதல், நீர் வடியும் குழாயைத் துப்புரவாக்குதல், மின் இணைப்புகளைப் பார்த்தல், கழுவுமுன்னும் பின்னும் அளந்து எழுதித் தருதல் ஆகியவை இதில் அடங்கும். இரண்டு பேர் வருவோம். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுக்கும்.

காஸ் நிரப்புவது இதில் இல்லை. மறந்து விடவில்லை, வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். ஏசியில் உள்ள காஸ் மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவதேயன்றி எரிந்து முடிவதில்லை. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைத் தேடாமல் வருடந்தோறும் காஸ் போடுவது, ஓட்டை வாளியில் நீர் வார்ப்பதற்குச் சமம்.

அளவுகளில் மாற்றம் ஒரு பாகைக்கும் குறைவாக வந்து, உள்ளேயும் அழுக்கு இல்லையென்றால், பரிசோதனைக் கட்டணமாக 1,500 ரூபாய் மட்டும் வாங்குவோம். கடந்த வருடம் சேர்விஸ் செய்து, இரண்டு கிழமைக்கு ஒருமுறை பில்டரைக் கழுவி வரும் வீடுகளில் இப்படி அமைவதுண்டு.

2. நாங்கள் வருமுன் நீங்கள் செய்ய வேண்டியவை

முதலாவது, மின் மீற்றரைப் பாருங்கள். நாங்கள் வருவதற்கு முந்திய இரண்டு இரவுகளில், ஏசியைப் போடும் நேரத்திலும் காலையில் நிறுத்தும் நேரத்திலும் மீற்றரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். ரிமோட்டில் எத்தனை பாகை வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். குளிர்சாதனப் பெட்டியும் மின்விசிறியும் அந்த எண்ணுக்குள் அடங்கும்தான். ஆனால் சேர்விஸுக்குப் பின்னான இரவுகளிலும் அவை அதே அளவில் ஓடுவதால், வித்தியாசம் பெரும்பாலும் ஏசியினுடையதாகவே இருக்கும். மின் பட்டியல் குறையும் என்று நாங்கள் வாயால் சொல்வதை நீங்கள் நம்பத் தேவையில்லை. உங்கள் சுவரில் தொங்கும் மீற்றரே அதைச் சொல்லும்.

இரண்டாவது, மழைநீரோ வடிகட்டிய குடிநீரோ பதினைந்து லீற்றர் அளவில் எடுத்து வையுங்கள். காரணத்தை வெளிப்பெட்டி பற்றிய பகுதியில் சொல்கிறேன். மூன்றாவது, ஏசிக்குக் கீழே கட்டிலோ மேசையோ இருந்தால் ஓரமாக நகர்த்தி, பழைய படுக்கை விரிப்பு ஒன்றைத் தயாராக வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஆட்கள் வருகிறார்கள் என்று முதல் நாளே பில்டரைக் கழுவிவிடுவது நம் வீடுகளின் வழக்கம். அன்று மட்டும் அதைச் செய்யாதீர்கள். உள்ளபடியே இருந்தால்தான் முதல் அளவு உண்மையான அளவாக இருக்கும்.

3. கழுவுமுன் அளத்தல்

புதிதாக வேலைக்கு வருபவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். வந்தவுடன் மூடியைக் கழற்றி நீரடிக்கத் தொடங்கிவிடுவார்கள். முதல் அளவு இல்லாவிட்டால், வேலை முடிந்தபின் நல்ல குளிர் வருகிறதா என்று கையை நீட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இராது. வெயிலில் நின்று வேலை செய்த கைக்கு எல்லாக் காற்றும் குளிராகவே தெரியும்.

கதவு, யன்னல்களைச் சாத்தி, ரிமோட்டில் ஆகக் குறைந்த பாகையையும் ஆகக் கூடிய விசிறி வேகத்தையும் வைத்து இருபது நிமிடம் ஓட விடுகிறோம். இன்வேர்ட்டர் வகை ஏசி தேவைக்கேற்ப வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், அதை முழு வேகத்தில் ஓட வைக்காமல் அளந்தால் அந்த அளவுக்குப் பொருளில்லை.

பிறகு, பெட்டியின் மேற்புறம் உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும், கீழே வெளியே வரும் காற்றின் வெப்பநிலையையும் எடுக்கிறோம். நல்ல நிலையில் உள்ள ஏசியில் இந்த இரண்டுக்கும் இடையே பொதுவாக 8 முதல் 12 பாகை வரை வித்தியாசம் இருக்கும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில், குளிரூட்டும் ஆற்றலில் ஒரு பங்கு அந்த ஈரத்தை நீராக்கி வடிப்பதற்கே செலவாவதால், வித்தியாசம் இந்த வரம்பின் கீழ்ப்பக்கமாக வரும். ஆகவே இந்த எண்ணை வேறு வீட்டு எண்ணோடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதே ஏசியில் அதே நாளில் கழுவிய பின் எடுக்கும் எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது அளவு மின்னோட்டம். கிளாம்ப் மீற்றரை வயரில் கவ்வவிட்டு எத்தனை அம்பியர் ஓடுகிறது என்று பார்த்து, வெளிப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் அச்சிட்ட அளவுக்குப் பக்கத்தில் எழுதுகிறோம்.

4. மின்சாரத்தை நிறுத்துதல்

ரிமோட்டில் நிறுத்துவது நிறுத்துவதாகாது. ஏசிக்குரிய பிரேக்கரைக் கீழே தள்ளி, அதன்மேல் பட்டி ஒட்டி, குறைந்தது ஐந்து நிமிடம் காத்திருக்கிறோம். இன்வேர்ட்டர் வகையின் வெளிப்பெட்டிப் பலகையில் உள்ள கொள்ளளவிகள், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைச் சிறிது நேரம் தாங்கி வைத்திருக்கும். பலகையைத் தொட வேண்டியிருந்தால், காத்திருந்தபின் மீற்றரால் அளந்து பார்த்தே தொடுவோம்.

5. உட்பெட்டியைக் கழுவுதல்

பில்டரைக் கழற்றிக் கழுவுவதை எவரும் செய்வார்கள். அதற்குப் பின்னால் உள்ள அலுமினியத் தகடுகளையும் பலர் கழுவுவார்கள். அவற்றுக்கும் பின்னால், காற்றை வெளியே தள்ளும் நீண்ட உருளை வடிவ விசிறியை, நாங்கள் புளோவர் என்று சொல்வதை, பெரும்பாலோர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. கீழ்ப்புறத்துச் சிறகைக் கையால் திறந்து ரோர்ச் லைட் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த உருளையின் ஒவ்வோர் இதழும் சிறிய அகப்பையைப் போலக் குழிவாக இருக்கும்; அந்தக் குழிவால்தான் காற்றை அள்ளி வெளியே தள்ளுகிறது. தூசியும் ஈரமும் சேர்ந்து அந்தக் குழிவை நிரப்பிவிட்டால், விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் அள்ளும் காற்று குறைந்துவிடும். காற்றுக் குறைந்தால் அறை குளிர நேரமெடுக்கும், கொம்பிரசர் நிற்காமல் ஓடும். ஏசியைப் போட்டவுடன் வரும் புளித்த வாடையும் பெரும்பாலும் இங்கிருந்தே வருகிறது.

செய்யும் முறை: பெட்டியைச் சுற்றிக் கழுவும் பையைக் கட்டி அதன் குழாயை வாளிக்குள் விடுகிறோம். வலது பக்கத்தில் உள்ள மின்பலகையைப் பிளாஸ்டிக் தாளால் மூடுகிறோம். காரத்தன்மையோ அமிலத்தன்மையோ இல்லாத கழுவு திரவத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் தகடுகளின் ஓட்டத்துக்கு நேராக நீரடிக்கிறோம். பக்கவாட்டில் அடித்தால் மெல்லிய தகடுகள் மடிந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். புளோவரைக் கையால் மெதுவாகச் சுழற்றியபடி, வாளியில் விழும் நீர் தெளியும்வரை கழுவுகிறோம். முதல் வாளி கரி கரைத்ததைப் போல இருந்தால் வியக்க வேண்டாம்.

அமிலம் கலந்த திரவத்தைப் போட்டு நொடியில் நுரை பொங்க வைத்துக் காட்டுவது ஒரு வேடிக்கை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அந்த நுரை அலுமினியம் கரைவதாலும் வரும்.

6. நீர் வடியும் குழாய்

உட்பெட்டியிலிருந்து சுவர் வழியே நீர் ஒழுகுகிறதென்று வரும் முறைப்பாடுகளில் பெரும்பங்கு இந்தக் குழாயில் சேரும் வழுவழுப்பான பாசியால் வருபவை. குழாயின் வெளிநுனியிலிருந்து உறிஞ்சி எடுத்தபின், உட்பெட்டியின் தட்டில் ஒரு லீற்றர் நீரை மெதுவாக ஊற்றி, அது தங்காமல் வெளியே வருகிறதா என்று பார்க்கிறோம். குழாய் நடுவில் மேல்நோக்கி வளைந்திருந்தால் எத்தனை தரம் கழுவினாலும் அடைப்புத் திரும்பி வரும். அதைச் சரிவாக மாற்றிக் கட்ட வேண்டும்.

7. வெளிப்பெட்டி: உப்பும் கிணற்று நீரும்

அறையிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடுவது வெளிப்பெட்டியின் வேலை. அதன் தகடுகள் அடைபட்டால் வெப்பம் வெளியேறாமல் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், கொம்பிரசர் கூடுதலான மின்சாரத்தை இழுக்கும். பங்குனியில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த ஏசி, சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும் சித்திரைப் புத்தாண்டு நாட்களில் திடீரெனத் தானாக நின்றுவிடுவதற்கு இதுவே வழமையான காரணம். சோளகக் காற்று தொடங்கியபின் புழுதியும் சேர்ந்துவிடும் என்பதால்தான் வேலையை அதற்கு முன் முடிக்கச் சொல்கிறோம்.

குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கடலோரப் பகுதிகளில் தகடுகளில் உப்புப் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். விரலால் தொட்டாலே உதிரும் நிலைக்கு வந்த தகடுகளைக் கழுவினால், அழுக்கோடு தகடும் போய்விடும். அப்படியானவற்றில் நாங்கள் நீரடிப்பதில்லை, காட்டிவிட்டு உங்கள் முடிவைக் கேட்கிறோம்.

மற்றப் பெட்டிகளில் மேல்மூடியைக் கழற்றி, உள்ளிருந்து வெளிப்பக்கமாக நீரடிக்கிறோம். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தூசி தகடுகளின் நடுவில் போய் இறுகிவிடும். கண்ணுக்கு முன்பக்கம் பளிச்சென்று இருக்கும், காற்றுத்தான் போகாது.

நீரைப் பற்றி ஒரு வார்த்தை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். நம் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைத் தோலை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே நீர் தகடுகளின்மேல் காய்ந்தால் அதே தோல் அங்கும் படியும். வருடத்தில் ஒருமுறை கிணற்று நீரால் கழுவுவதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. இருந்தாலும் கடைசி அலசலை நீங்கள் எடுத்து வைத்த நீரால் செய்கிறோம். உண்மையான கேடு, பெட்டி சூடாகிறது என்று மத்தியானந்தோறும் கிணற்று நீரைக் குழாயால் அடிக்கும் பழக்கத்தால் வருகிறது. அன்றைக்குச் சற்றுக் குளிரும். இரண்டு வருடத்தில் தகடுகளின்மேல் சுண்ணாம்புப் பூச்சு ஏறி, கழுவியும் போகாத நிலைக்கு வந்துவிடும். பெட்டிக்கு நிழல் வேண்டுமென்றால் காற்றோட்டத்தை மறிக்காமல் ஒன்றரை அடியாவது தள்ளி ஒரு மறைப்பு வைத்தால் போதும்.

8. மின் இணைப்புகள்

கழுவிய பகுதிகள் வடிந்து காயும் நேரத்தில் இணைப்புத் திருகாணிகளை இறுக்கிப் பார்க்கிறோம். தளர்ந்த இணைப்பு சூடேறி, வயரின் நுனி பழுப்பாக மாறியிருக்கும். சாதாரண வகை ஏசியில் கொம்பிரசரின் கொள்ளளவியைக் கழற்றி அளந்து, அதன்மேல் அச்சிட்ட அளவோடு ஒப்பிடுகிறோம். அது வலுவிழந்திருந்தால் கொம்பிரசர் தொடங்கத் திணறும். பலகையின்மேல் செத்த பல்லியும் எறும்புக் கூடும் இருப்பது இங்கே புதினமல்ல. ஓடிக்கொண்டிருந்த ஏசி ஒரு நாள் சத்தமில்லாமல் நின்றதற்கு ஒரு பல்லியே காரணமாக இருந்ததை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

9. மீண்டும் அளத்தல், அதன்பின்பே காஸைப் பற்றிய பேச்சு

மூன்றாம் படியில் செய்த அதே முறையில், அதே வெப்பமானியால், அதே இடங்களில் திரும்ப அளக்கிறோம். இந்த இடத்தில் வரிசை ஏன் முக்கியம் என்பதைச் சற்று விளக்க வேண்டும்.

உட்பெட்டி அழுக்காக இருந்தால் காற்றுக் குறைந்து, குழாயின் குளிர்ப்பக்க அழுத்தமும் குறையும். அந்த நேரத்தில் கேஜைப் பூட்டிப் பார்த்தால், காஸ் குறைந்த ஏசியைப் போலவே முள் கீழே நிற்கும். பார்ப்பவர் காஸ் இல்லை என்று முடிவுகட்டி இன்னும் கொஞ்சம் ஏற்றுவார். பிறகு கழுவினால் காற்று திரும்பி வரும், அழுத்தம் ஏறும். இப்போது ஏசிக்குள் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலான காஸ் இருக்கும். மறுபுறம், வெளிப்பெட்டி அழுக்காக இருந்தால் அழுத்தம் கூடி, உண்மையிலேயே காஸ் குறைந்திருப்பதை மறைத்துவிடும். இரண்டும் அழுக்காக இருந்தால் முள் எதைச் சொல்கிறது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை கேஜைப் பூட்டிக் கழற்றும்போதும் சிறிதளவு காஸ் வெளியேறும் என்பதையும் கணக்கில் எடுத்தால், சும்மா பார்ப்பதற்குக்கூட அதைப் பூட்டக் கூடாது.

ஆகவே கழுவிய பின்னும் வித்தியாசம் 7 பாகைக்குக் கீழே நின்று, மின்னோட்டமும் தகட்டில் உள்ளதைவிடத் தெளிவாகக் குறைந்து, வெளிப்பெட்டியில் சேரும் மெல்லிய குழாயில் உறைபனி படிந்தால் மட்டுமே கேஜை எடுக்கிறோம். குழாய் முடிச்சுகளைச் சுற்றி எண்ணெய்க் கசிவு தெரிந்தால் அங்கே சவர்க்கார நுரையைப் பூசிக் குமிழி வருகிறதா என்று பார்க்கிறோம். கசிவை அடைத்து, குழாய்களில் உள்ள காற்றையும் ஈரத்தையும் வெற்றிடப் பம்பியால் இழுத்து, தகட்டில் எழுதிய நிறையைத் தராசில் நிறுத்து ஏற்றுவதே சரியான முறை. அது வேறு நாள் வேலை. செலவை முன்னரே எழுதித் தருவோம். உங்கள் ஏசி ஆர் 32 வகையென்றால், அந்தக் காஸ் தீப்பற்றக்கூடியது என்பதால், அதைப் பாதுகாப்பாக வெளியே எடுக்குமுன் குழாயருகே சுடர் விளக்கைப் பிடிப்பவரை உடனே தடுத்துவிடுங்கள்.

10. பாசையூர் வீட்டில் எடுத்த கணக்கு

கடலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளிய வீடு. 12,000 பி.ரி.யூ. அளவுள்ள, இன்வேர்ட்டர் அல்லாத ஏசி. இரண்டு வருடமாக எவரும் திறக்கவில்லை. "அண்ணை, காஸ் முடிஞ்சுபோச்செண்டு முதல் வந்தவை சொல்லிப்போட்டினம். அதை மட்டும் அடிச்சுவிட்டாக் காணும்" என்றார் வீட்டுக்காரர். "அளந்துபோட்டுச் சொல்லுறன், தம்பி" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே போன காற்று 29.4 பாகை, வெளியே வந்தது 22.9, வித்தியாசம் 6.5. மின்னோட்டம் 5.9 அம்பியர்; தகட்டில் இருந்தது 5.0. காஸ் குறைந்திருந்தால் மின்னோட்டம் குறைவாக இருந்திருக்க வேண்டும், இங்கே கூடியிருந்தது. எனவே முதல் சந்தேகம் வெளிப்பெட்டிமேல் விழுந்தது. பின்பக்கத்தைத் திறந்தபோது தகடுகளின்மேல் உப்பும் பஞ்சும் சேர்ந்து நைந்த கம்பளித் துண்டைப் போலப் படர்ந்திருந்தது. விரலால் இழுத்தபோது ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றாக உரிந்து வந்தது. உள்ளே புளோவரின் குழிவுகளில் ஏறத்தாழப் பாதி தூர்ந்திருந்தன.

கழுவிய பின் 28.6, 17.4, வித்தியாசம் 11.2. மின்னோட்டம் 5.1. கேஜைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை.

மீற்றர் சொன்னது இது: முந்திய இரண்டு இரவுகளிலும் 14 அலகுகள், பிந்திய இரவுகளில் 11, 10. ரிமோட்டில் எல்லா இரவும் 25 பாகை. சராசரியாக இரவுக்கு மூன்றரை அலகு, மாதத்துக்கு ஏறத்தாழ நூறு அலகு. மின்னோட்டம் குறைந்தது இதில் ஒரு பங்குதான். மற்றது, இரவு முழுவதும் நிற்காமல் ஓடிய கொம்பிரசர், அறை குளிர்ந்தபின் இடையிடையே நிற்கத் தொடங்கியதால் வந்தது. வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் இருப்பதால், குறையும் அலகுகள் விலை கூடிய மேற்படியிலிருந்தே குறையும்.

இந்தக் கணக்கைக் காட்டி எல்லோருக்கும் நூறு அலகு குறையும் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வருட அழுக்கு, அதுவும் கடற்கரையில். வருடந்தோறும் சேர்விஸ் செய்யும் கொக்குவில் வீடொன்றில் இரவுக்கு அரை அலகுதான் குறைந்தது. அந்த வீட்டில் பயன் மின் பட்டியலில் அல்ல, சத்தம் குறைந்ததிலும் வாடை போனதிலும்தான் தெரிந்தது.

11. சேர்விஸால் தீராதவை

சீலிங் இல்லாத ஓட்டு வீட்டு அறையும், மேற்கு வெயில் நேரே விழும் கொங்கிறீட் கூரைக்குக் கீழுள்ள பெரிய அறையும், ஏசி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிற்பகலில் குளிராமல் இருக்கலாம். அளவுகள் சரியாக வந்தும் அறை குளிரவில்லையென்றால், குறை ஏசியில் இல்லை. சீலிங்கும் திரைச்சீலையும் கதவடி இடைவெளியும்தான் அடுத்துப் பார்க்க வேண்டியவை. அப்படியான அறையில் ரிமோட்டை 18இல் வைப்பதால் அறை விரைவாகக் குளிராது, கொம்பிரசர் நிற்பதற்கான வாய்ப்புத்தான் இல்லாமற்போகும். 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விடுங்கள்.

12. வேலை முடிந்தபின்

முன், பின் அளவுகள் எழுதிய தாளின் ஒரு பிரதி உங்களிடம் இருக்கும். அதை உட்பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுவோம். அடுத்த வருடம் யார் வந்தாலும், நாங்களாக இல்லாவிட்டாலும், அவர்களுக்கு அது தேவைப்படும். பின்னான இரண்டு இரவுகளின் மீற்றர் எண்களை நீங்களே அதில் எழுதிக்கொள்ளுங்கள். கடலோர வீடுகளில் மாதத்துக்கு ஒருமுறை, பிரேக்கரை நிறுத்திவிட்டு, சேமித்த மழைநீரால் வெளிப்பெட்டித் தகடுகளை மெதுவாக அலசிவிடலாம். பங்குனிக் கடைசி வரை இந்தக் கட்டணம்; சித்திரை பிறந்தபின் பழுது பார்க்கும் அழைப்புகள் கூடிவிடுவதால், அளந்து நிதானமாகச் செய்யும் இந்த முறையை அப்போது எங்களால் கொடுக்க முடிவதில்லை.